பேக்கிங் லிஸ்ட்டில் ஒரே பெட்டியை இரண்டு முறை எண்ணுகிறதா உங்கள் எக்செல்? கன அளவு, எடை கணக்கு: எளிய விளக்கம்

ஏற்றுமதிக்குச் சரக்கு அனுப்பும் எந்தச் சிறு நிறுவனத்திலும் கடைசி நாளில் ஒரு எக்செல் கோப்பு அங்கும் இங்கும் பறந்துகொண்டிருக்கும். அதன் பெயர் பேக்கிங் லிஸ்ட். எந்தப் பெட்டியில் என்ன இருக்கிறது, எத்தனை பெட்டி, ஒவ்வொன்றும் என்ன அளவு, என்ன எடை என்ற விவரமெல்லாம் அதில்தான். கடைசி வரியில் இருக்கும் இரண்டு எண்களுக்காகத்தான் எல்லோரும் காத்திருப்பார்கள். ஒன்று மொத்தக் கன அளவு, மற்றொன்று மொத்த எடை. கப்பல் அல்லது விமானக் கட்டணம் அந்த எண்களை வைத்துத்தான் முடிவாகிறது. சுங்கத்துக்குப் போகும் ஷிப்பிங் பில்லிலும், கப்பல் நிறுவனம் தரும் பில் ஆஃப் லேடிங்கிலும் அதே எடைதான் ஏறும்.

பெட்டிகள் எல்லாம் ஒரே மாதிரி இருந்தால் இது பள்ளிக் கணக்கு. நீளம், அகலம், உயரம் மூன்றையும் பெருக்கி, பெட்டி எண்ணிக்கையால் பெருக்கினால் முடிந்தது. பெட்டிகள் கலந்து வரும்போதுதான் சிக்கல். அதிலும் ஒரே பெட்டிக்குள் இரண்டு மூன்று பொருட்கள் இருந்தால் கணக்கு தப்பும், எக்செல் வாயே திறக்காது. பிழைச் செய்தி வராது, சிவப்பு நிறம் வராது. பார்க்க நம்பும்படியான ஒரு தவறான எண் மட்டும் வந்து நிற்கும்.

அந்தத் தவறு எங்கே நுழைகிறது, எந்தச் சூத்திரம் அதைத் தடுக்கும் என்பதை ஒரு மாதிரிக் கணக்கோடு பார்ப்போம்.

மாதிரிப் பட்டியல்

உத்தரப் பிரதேசத்தின் மொராதாபாத், பித்தளைப் பொருட்களுக்குப் பேர்போன ஊர். அங்கிருந்து 50 அட்டைப்பெட்டிகள் வெளிநாட்டுக்குப் போவதாக வைத்துக்கொள்வோம். எண்கள் அனைத்தும் விளக்கத்துக்காக நாம் எடுத்துக்கொண்டவை. ஆனால் கனமான பித்தளையும் காற்றடைத்த மாதிரி இருக்கும் விளக்குக் கூடும் ஒரே சரக்கில் சேர்ந்து போவது வழக்கமான ஒன்றுதான்.

எக்செல்லில் முதல் வரி தலைப்பு. இரண்டாம் வரி முதல் ஆறாம் வரி வரை விவரங்கள்.

| வரி | A முதல் எண் | B கடைசி எண் | C பொருள் | D பெட்டிக்கு எத்தனை | E நெட் எடை கிலோ | F நீளம் செ.மீ. | G அகலம் | H உயரம் | I கிராஸ் எடை கிலோ |
|---|---|---|---|---|---|---|---|---|---|
| 2 | 1 | 20 | மெழுகுவர்த்தித் தாங்கி | 24 | 24 | 40 | 30 | 30 | 26.5 |
| 3 | 21 | 32 | பூச்சாடி | 6 | 11.5 | 60 | 45 | 50 | 14 |
| 4 | 33 | 47 | விளக்குக் கூடு | 4 | 5 | 70 | 70 | 55 | 8 |
| 5 | 48 | 50 | தட்டு | 10 | 9 | 50 | 50 | 40 | 18 |
| 6 | 48 | 50 | சிறிய தாங்கி | 12 | 6 | 50 | 50 | 40 | 18 |

கடைசி இரண்டு வரிகளைக் கவனியுங்கள். 48 முதல் 50 வரை உள்ள மூன்று பெட்டிகளில் தட்டும் இருக்கிறது, சிறிய தாங்கியும் இருக்கிறது. பொருள் இரண்டு என்பதால் வரியும் இரண்டு. பெட்டியோ மூன்றுதான்.

நெட் எடை என்பது பொருளின் எடை மட்டும். கிராஸ் எடை என்பது அட்டை, தெர்மோகோல், டேப் எல்லாம் சேர்த்துத் தராசில் காட்டும் எடை. இந்த வேறுபாடு பின்னால் முக்கியமாக வரும்.

முதலில் ஒரு சின்ன விஷயம்: பெட்டி எண்ணை ஏன் இரண்டு கட்டங்களில் எழுத வேண்டும்?

பலர் ஒரே கட்டத்தில் `1-12` என்று அடிப்பார்கள். எக்செல் அதைத் தேதி என்று எடுத்துக்கொள்ளும். உங்கள் கணினியின் தேதி அமைப்பைப் பொறுத்து அது `01-Dec` என்றோ `12-Jan` என்றோ மாறிவிடும். அதன்பிறகு அந்தக் கட்டத்தை வைத்து எத்தனை பெட்டி என்று கணக்குப் போட முடியாது.

முதல் எண் ஒரு கட்டம், கடைசி எண் அடுத்த கட்டம் என்று பிரித்துவிட்டால் இந்தத் தொல்லை இல்லை. கடைசி எண்ணில் முதல் எண்ணைக் கழித்து 1 கூட்டினால் பெட்டி எண்ணிக்கை தானாக வந்துவிடும். 21 முதல் 32 வரை என்றால் 11 அல்ல, 12. அந்த 1-ஐ மறப்பதும் சகஜம்.

ஒரே பெட்டி எப்படி இரண்டாகிறது?

எல்லா வரியிலும் கடைசி எண் கழித்தல் முதல் எண் கூட்டல் 1 என்று போட்டால் 20, 12, 15, 3, 3 என்று வரும். கூட்டினால் 53. ஆனால் கிடங்கில் இருப்பது 50 பெட்டிதான்.

இந்த மூன்று பெட்டி அதிகமானது மற்ற எண்களையும் இழுத்துக்கொண்டு போகும். ஒவ்வொரு கலப்புப் பெட்டியும் 0.1 கன மீட்டர், 18 கிலோ. எனவே மொத்தக் கன அளவில் 0.3 கன மீட்டரும், மொத்த எடையில் 54 கிலோவும் கூடுதலாகச் சேர்ந்துவிடும். கன மீட்டரைத்தான் சரக்குத் துறையில் சி.பி.எம். என்கிறார்கள்.

சிலர் இதற்கு ஒரு குறுக்கு வழி வைத்திருக்கிறார்கள். இரண்டாவது வரியில் அளவையும் எடையையும் காலியாக விட்டுவிடுவார்கள். கணக்கு சரியாக வரும். ஆனால் பட்டியலை வேறு வரிசையில் அடுக்கினாலோ, ஒரு பொருளை மட்டும் வடிகட்டிப் பார்த்தாலோ, அந்தக் காலி வரி எந்தப் பெட்டியைச் சேர்ந்தது என்ற தொடர்பு அறுந்துவிடும். உண்மையிலேயே அளவு எழுத மறந்த வரிக்கும், வேண்டுமென்றே காலியாக விட்ட வரிக்கும் வித்தியாசம் தெரியாது.

அதைவிட நல்ல வழி, அளவையும் எடையையும் இரண்டு வரியிலும் எழுதிவிட்டு, எண்ணிக்கையை மட்டும் எக்செல்லிடம் விடுவது. J என்ற நிரலை இதற்காக ஒதுக்குங்கள். J2 கட்டத்தில் இதை அடித்து, கீழே J6 வரை இழுத்துவிடுங்கள்.

```
=IF(COUNTIF(A$2:A2,A2)>1,0,B2-A2+1)
```

இது என்ன செய்கிறது? `COUNTIF` என்பது, இந்த முதல் பெட்டி எண் மேலிருந்து இந்த வரி வரைக்கும் எத்தனை முறை வந்திருக்கிறது என்று எண்ணுகிறது. முதல் முறை என்றால் பெட்டி எண்ணிக்கையைத் தருகிறது. ஏற்கெனவே ஒருமுறை வந்துவிட்டது என்றால் 0 தருகிறது. `A$2` என்பதில் இருக்கும் டாலர் குறி தொடக்க வரியை நகராமல் பிடித்துவைக்கிறது. அதை விட்டுவிட்டுக் கீழே இழுத்தால் சூத்திரம் மேல் வரிகளைப் பார்க்காது. பிறகு எல்லாமே முதல் முறை என்றுதான் அதற்குத் தோன்றும்.

நம் பட்டியலில் இப்போது J நிரல் 20, 12, 15, 3, 0 என்று காட்டும். கூட்டினால் 50.

ஒரு நிபந்தனை உண்டு. கலப்புப் பெட்டிக்கான எல்லா வரிகளிலும் பெட்டி எண் ஒரே மாதிரி இருக்க வேண்டும். தட்டு 48 முதல் 50 வரை, சிறிய தாங்கி 49 முதல் 50 வரை என்று இருந்தால் இந்தச் சூத்திரம் ஏமாந்துவிடும். அப்படிப்பட்ட நிலையில் 48-ஐத் தனி வரியாகவும், 49 முதல் 50 வரை தனி வரிகளாகவும் பிரித்து எழுதத்தான் வேண்டும். 48-இல் தட்டு மட்டும்தான் இருக்கிறது என்றால் அதன் கிராஸ் எடையும் வேறாகத்தான் இருக்கும்.

மொத்தம் எப்படிப் போடுவது?

விடைகளை M நிரலில் வைப்போம். L நிரலில் அவற்றின் பெயர்களை எழுதிக்கொள்ளலாம். பட்டியலுக்குக் கீழே வைக்காமல் பக்கத்தில் வைத்தால், பின்னால் வரிகள் கூடும்போது இடைஞ்சல் இருக்காது.

M2 கட்டத்தில் மொத்தப் பெட்டி:

```
=SUM(J2:J6)
```

M3 கட்டத்தில் மொத்த சி.பி.எம்.:

```
=SUMPRODUCT(F2:F6*G2:G6*H2:H6*J2:J6)/1000000
```

M4 கட்டத்தில் மொத்தக் கிராஸ் எடை:

```
=SUMPRODUCT(I2:I6*J2:J6)
```

`SUMPRODUCT` என்பது வரி வரியாகப் பெருக்கி, கடைசியில் எல்லாவற்றையும் கூட்டித் தரும் சூத்திரம். 10 லட்சத்தால் வகுப்பது எதற்கென்றால், ஒரு கன மீட்டருக்குள் 10 லட்சம் கன சென்டிமீட்டர் இருக்கிறது. உங்கள் அளவுகள் மில்லிமீட்டரில் இருந்தால் 100 கோடியால் வகுக்க வேண்டும்.

நம் சரக்குக்கு விடை 6.6825 சி.பி.எம்., 872 கிலோ. கையால் சரிபார்க்கலாம். மெழுகுவர்த்தித் தாங்கி 0.72, பூச்சாடி 1.62, விளக்குக் கூடு 4.0425, கலப்புப் பெட்டி 0.3. எடையில் 530, 168, 120, 54.

சரி, நெட் எடைக்கும் இதே J நிரலைப் பயன்படுத்தலாமா? கூடாது. இங்கேதான் பலர் தடுக்கி விழுகிறார்கள். பெட்டி ஒருமுறைதான் எண்ணப்பட வேண்டும், ஆனால் அதற்குள் இருக்கும் இரண்டு பொருளும் உண்மையில் இருக்கின்றன. சிறிய தாங்கி வரியில் J மதிப்பு 0. அதை வைத்துப் பெருக்கினால் அந்தத் தாங்கிகளே கணக்கில் காணாமல் போய்விடும். எனவே நெட் எடைக்கு, M5 கட்டத்தில்:

```
=SUMPRODUCT(E2:E6*(B2:B6-A2:A6+1))
```

விடை 738 கிலோ. J நிரலைப் பயன்படுத்தியிருந்தால் 720 வந்திருக்கும். மொத்தப் பொருட்களின் எண்ணிக்கைக்கும் இதே முறைதான். `E2:E6` என்ற இடத்தில் `D2:D6` என்று மாற்றினால் 678 என்று வரும். இன்வாய்ஸில் இருக்கும் எண்ணிக்கையும் இதுவும் ஒத்துப்போக வேண்டும்.

சுருக்கமாகச் சொன்னால், பெட்டியின் குணங்களான கன அளவையும் கிராஸ் எடையையும் J நிரலால் பெருக்குங்கள். பொருளின் குணங்களான நெட் எடையையும் எண்ணிக்கையையும் பெட்டி எண்களால் பெருக்குங்கள்.

நட்சத்திரக் குறியா, காற்புள்ளியா?

இணையத்தில் தேடினால் `SUMPRODUCT` சூத்திரத்தை வேறு விதமாகவும் எழுதிக் காட்டுவார்கள். பெருக்கல் குறிக்குப் பதிலாகக் காற்புள்ளி இருக்கும்.

```
=SUMPRODUCT(F2:F6,G2:G6,H2:H6,J2:J6)/1000000
```

எல்லாக் கட்டத்திலும் சுத்தமான எண் இருந்தால் இரண்டுக்கும் ஒரே விடைதான். ஆனால் நிஜத்தில் பேக்கிங் லிஸ்ட் நான்கு பேர் கையால் நிரப்பப்படுகிறது. யாராவது ஒருவர் 70 என்பதற்குப் பதிலாக `70 cm` என்று அடித்துவிடுவார். எக்செல்லுக்கு அது எண் அல்ல, எழுத்து.

காற்புள்ளி போட்ட சூத்திரம் எழுத்தைப் பார்த்தால் அதை 0 என்று எடுத்துக்கொண்டு பேசாமல் மேலே போய்விடும். விளக்குக் கூட்டின் நீளத்தில் `70 cm` என்று இருந்தால், அந்த 15 பெட்டிகளின் 4.0425 சி.பி.எம். அப்படியே மறைந்துபோகும். மொத்தம் 2.64 என்று காட்டும். அது தவறு என்று சொல்ல எதுவுமே இருக்காது.

நட்சத்திரக் குறி போட்ட சூத்திரம் அதே இடத்தில் `#VALUE!` என்று கத்தும். பார்க்க எரிச்சலாக இருக்கும். ஆனால் இந்த வேலையில் கத்துகிற சூத்திரம்தான் நமக்கு வேண்டும்.

எடைக்கும் இதே கதைதான். கிலோ என்று தெரிய வேண்டும் என்றால் கட்டத்தில் அடிக்க வேண்டாம். கட்டத்தின் எண் வடிவத்தில், கஸ்டம் என்ற இடத்தில் இப்படிக் கொடுங்கள்.

```
0.0" kg"
```

திரையில் 26.5 kg என்று தெரியும், உள்ளே 26.5 என்ற எண்ணாகவே இருக்கும்.

ஒன்றை நினைவில் வையுங்கள். கட்டம் காலியாக இருந்தால் இரண்டு சூத்திரமும் அதை 0 என்றுதான் எடுத்துக்கொள்ளும். நட்சத்திரமும் அங்கே காப்பாற்றாது. அதற்குத் தனிச் சோதனை வேண்டும்.

மூன்று சோதனைக் கட்டங்கள்

முதல் சோதனை, அளவும் எடையும் இருக்க வேண்டிய எல்லாக் கட்டத்திலும் எண் இருக்கிறதா என்பது. F முதல் I வரை நான்கு நிரல், ஐந்து வரி. மொத்தம் 20 எண்கள் இருக்க வேண்டும். `COUNT` எண்களை மட்டும்தான் எண்ணும், எழுத்தையும் காலியையும் விட்டுவிடும்.

```
=IF(COUNT(F2:I6)=ROWS(F2:I6)*4,"சரி","எண் இல்லாத கட்டம் உள்ளது")
```

இரண்டாவது சோதனை, பெட்டி எண்ணிக்கை. எண் 1-இல் தொடங்கி விடாமல் போனால், மொத்தப் பெட்டியும் கடைசிப் பெட்டி எண்ணும் ஒன்றாக இருக்க வேண்டும்.

```
=IF(M2=MAX(B:B),"சரி","பெட்டி எண்ணைப் பாருங்கள்")
```

இதில் `B2:B6` என்று எழுதாமல் `B:B` என்று முழு நிரலையும் எழுதியிருப்பதற்குக் காரணம் இருக்கிறது. கடைசி நேரத்தில் யாராவது ஏழாவது வரியில் 51 முதல் 54 வரை என்று நான்கு பெட்டியைச் சேர்ப்பார்கள். மேலே உள்ள சூத்திரங்கள் எல்லாம் ஆறாம் வரியோடு நின்றுவிடுவதால் அந்த நான்கு பெட்டி கூட்டலில் சேராமல் போகலாம். சோதனையும் ஆறாம் வரியோடு நின்றால் அதுவும் சரி என்றே சொல்லும். முழு நிரலைப் பார்த்தால் 54-ஐக் கண்டுபிடித்து எச்சரிக்கும். புதிய வரியைக் கடைசியில் சேர்ப்பதைவிட நடுவில் நுழைத்தால் சூத்திரங்களின் எல்லை தானாக விரியும். J நிரலின் சூத்திரத்தை அந்த வரிக்கும் இழுத்துவிட மறக்க வேண்டாம்.

மூன்றாவது சோதனை, அளவுகளின் அலகு. ஒரு சப்ளையர் சென்டிமீட்டரில் தருவார், இன்னொருவர் அங்குலத்தில் தருவார். விளக்குக் கூட்டுப் பெட்டி 28, 28, 22 என்று வந்தால் அது அங்குலம். அதைச் சென்டிமீட்டர் என்று நினைத்துப் பெருக்கினால் 15 பெட்டிக்கும் சேர்த்து 0.26 சி.பி.எம்.தான் வரும். எண்தான் இருக்கிறது, எழுத்து இல்லை. முதல் இரண்டு சோதனையும் இதைப் பிடிக்காது.

இதைப் பிடிக்க அடர்த்தியைப் பாருங்கள். K2 கட்டத்தில் இதை அடித்துக் கீழே இழுங்கள். ஒரு கன மீட்டருக்கு எத்தனை கிலோ என்று சொல்லும்.

```
=I2/(F2*G2*H2/1000000)
```

நம் பட்டியலில் பித்தளைத் தாங்கி சுமார் 736, பூச்சாடி 104, விளக்குக் கூடு 30, கலப்புப் பெட்டி 180. விளக்குக் கூடு அங்குலத்தில் வந்திருந்தால் அதன் அடர்த்தி 464 என்று காட்டும். பூச்சாடியைவிட விளக்குக் கூடு நான்கு மடங்குக்கு மேல் கனமா என்று உங்களுக்கே சந்தேகம் வந்துவிடும். அங்குலத்தை 2.54-ஆல் பெருக்கினால் சென்டிமீட்டர். ஒரே நிரலில் இரண்டு அலகு கலக்காமல், மாற்றிய பிறகே எழுதுவது நல்லது.

தசமத்தை எங்கே நறுக்குவது?

ஒரு தாங்கிப் பெட்டியின் கன அளவு 0.036. பட்டியல் அழகாக இருக்கட்டும் என்று அதை 0.04 ஆக்கி, 20-ஆல் பெருக்கினால் 0.80. உண்மையில் அது 0.72. இப்படி ஒவ்வொரு பெட்டியின் கன அளவையும் இரண்டு தசமத்துக்கு நறுக்கிவிட்டுப் பெருக்கினால், நம் சரக்கின் மொத்தம் 6.6825-க்குப் பதிலாக 6.83 ஆகிவிடும். ஒன்றரைப் பூச்சாடிப் பெட்டிக்கும் குறைவான வித்தியாசம்தான். ஆனால் சின்னப் பெட்டிகள் நூற்றுக்கணக்கில் இருக்கும் சரக்கில் இது பெரிதாக வளரும்.

கட்டத்தின் வடிவத்தை மாற்றி இரண்டு தசமம் மட்டும் காட்டச் சொன்னால் பரவாயில்லை, உள்ளே முழு எண் அப்படியே இருக்கும். `ROUND` சூத்திரம் போட்டாலோ, திரையில் பார்த்த எண்ணைக் கையால் இன்னொரு இடத்தில் அடித்தாலோதான் நிஜமாக நறுக்கப்படுகிறது. எனவே நறுக்குவதை மொத்தத்தில் ஒரே ஒருமுறை செய்யுங்கள். `=ROUND(M3,3)` என்றால் 6.683 வரும். எல்லா ஆவணத்திலும் அந்த ஒரே எண் போகட்டும்.

இந்த இரண்டு எண்ணை வைத்துக் கட்டணம் எப்படி?

முழு கன்டெய்னர் எடுக்காமல் பிறர் சரக்கோடு சேர்த்துக் கப்பலில் அனுப்பும்போது, பொதுவாக 1 சி.பி.எம். அல்லது 1 டன், எது அதிகமோ அதற்குக் கட்டணம்.

```
=MAX(M3,M4/1000)
```

நம் சரக்கு 6.6825 சி.பி.எம்., 0.872 டன். எனவே கட்டணம் கன அளவுக்குத்தான். எடை இங்கே பேச்சுக்கே வரவில்லை.

விமானத்தில் வேறு கணக்கு. அங்கே கன அளவையும் கிலோவாக மாற்றுவார்கள். விமானச் சரக்கில் பரவலாக உள்ள விதி, 6000 கன சென்டிமீட்டருக்கு 1 கிலோ. இதற்கு வால்யூமெட்ரிக் எடை என்று பெயர். தராசு எடை, வால்யூமெட்ரிக் எடை இரண்டில் எது அதிகமோ அதற்குத்தான் கட்டணம்.

```
=MAX(M4,M3*1000000/6000)
```

நம் சரக்கின் தராசு எடை 872 கிலோ. வால்யூமெட்ரிக் எடை 1113.75 கிலோ. நீங்கள் பணம் கட்டப்போவது இரண்டாவதுக்கு.

இங்கே சூத்திரத்தை எந்த இடத்தில் போடுகிறோம் என்பதே பெரிய வித்தியாசம். ஒவ்வொரு வரிக்கும் தனித்தனியாக எது அதிகம் என்று பார்த்துவிட்டு அவற்றைக் கூட்டினால், தாங்கிக்கு 530, பூச்சாடிக்கு 270, விளக்குக் கூட்டுக்கு 673.75, கலப்புப் பெட்டிக்கு 54. மொத்தம் 1527.75 கிலோ. ஒரே ஏர்வே பில்லில் போகும் சரக்குக்கு இப்படிக் கணக்கிடுவதில்லை. மொத்தத்தையும் மொத்தத்தையும்தான் ஒப்பிடுவார்கள். கனமான பித்தளை, லேசான விளக்குக் கூட்டின் காலி இடத்தை ஈடுகட்டிவிடுகிறது.

வித்தியாசம் 414 கிலோ. கிலோவுக்கு 200 ரூபாய் என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொண்டால் 82,800 ரூபாய். மெழுகுவர்த்தித் தாங்கியை இன்று ஒரு விமானத்திலும் மற்றவற்றை அடுத்த வாரம் இன்னொன்றிலும் அனுப்பினால் ஏறத்தாழ இந்தத் தொகையைக் கூடுதலாகக் கட்ட வேண்டிவரும்.

கூரியர் என்றால் கதை மாறும். பல நிறுவனங்கள் 6000-க்குப் பதிலாக 5000-ஆல் வகுக்கின்றன. அப்போது இதே சரக்கின் வால்யூமெட்ரிக் எடை 1336.5 கிலோ ஆகிவிடும். ஒவ்வொரு பெட்டிக்கும் தனியாக எது அதிகம் என்று பார்க்கும் முறையும் உண்டு. எனவே வகுக்கும் எண் என்ன, ஒப்பிடுவது பெட்டி வாரியாகவா மொத்தமாகவா என்ற இரண்டு கேள்வியையும் விலை கேட்கும்போதே கேட்டுவிடுங்கள்.

சூத்திரத்துக்குத் தெரியாதவை

சூத்திரம் சரியாக இருந்தாலும் உள்ளே போகும் அளவு சரியாக இருக்க வேண்டும். அட்டைப்பெட்டி செய்து தருபவர் சொல்வது பெரும்பாலும் உள் அளவு. சரக்குக் கட்டணத்துக்கு வெளி அளவுதான் வேண்டும். பொருளை அடைத்த பிறகு பெட்டி கொஞ்சம் பிதுங்கும். பூச்சாடிப் பெட்டி ஒவ்வொரு பக்கமும் வெறும் 1 செ.மீ. கூடி 61, 46, 51 ஆனால் கன அளவு 6 சதவீதம் ஏறிவிடும். கிடங்கில் மறுபடி அளப்பார்கள், அந்த அளவுக்குத்தான் பில் வரும். ஆகவே அடைத்து ஒட்டிய பெட்டியை, பிதுங்கிய இடத்தில் வைத்து அளந்து எழுதுங்கள்.

பெட்டிகளை மரப் பேலட்டில் அடுக்கி அனுப்பினால், கட்டணத்துக்கான கன அளவு பேலட்டின் வெளி அளவு. பெட்டிகளுக்கு நடுவில் உள்ள இடைவெளியும் பேலட்டின் உயரமும் அதில் சேரும். எடையிலும் பேலட் எடை சேர வேண்டும். அதற்குத் தனியாக ஒரு பட்டியல் போடுவதே சரி.

கடைசியாக, மொத்த சி.பி.எம். சரக்கு கன்டெய்னருக்குள் அடங்குமா என்று சொல்லாது. 20 அடி கன்டெய்னரின் உள் கன அளவு சுமார் 33 சி.பி.எம். ஆனால் 33 சி.பி.எம். பெட்டியை யாராலும் அதற்குள் அடுக்க முடியாது. பெட்டியின் நீள அகலம் கன்டெய்னரின் நீள அகலத்தோடு பொருந்தாமல் ஓரத்தில் இடம் வீணாகும். 28 சி.பி.எம். வரை ஏறினால் நல்ல அடுக்கு என்றுதான் சொல்வார்கள். முழு கன்டெய்னர் எடுப்பவர்களுக்கு இன்னொரு விஷயமும் உண்டு. 2016 ஜூலை 1 முதல் சர்வதேசக் கடல் பாதுகாப்பு விதிப்படி, நிரப்பிய கன்டெய்னரின் சரிபார்த்த எடையைத் தராமல் அதைக் கப்பலில் ஏற்ற முடியாது. சரக்கு எடையோடு கன்டெய்னரின் சொந்த எடையையும், உள்ளே முட்டுக்கொடுக்கும் கட்டைகளின் எடையையும் கூட்டித் தருவது அதற்கான இரண்டு முறைகளில் ஒன்று. அந்தக் கூட்டலின் முதல் எண் உங்கள் M4 கட்டத்தில் இருப்பதுதான்.